விலைவாசிச் சுழலைக் காகிதத்தில் வரைவது எப்படி? 2022 இலங்கையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

2022 ஜனவரியில் இலங்கையில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபாய். அதே ஆண்டு ஜூன் கடைசியில் 470 ரூபாய். ஏன் என்று கேட்டால் அன்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டொலர் இல்லை, பணத்தை அச்சடித்துத் தள்ளிவிட்டார்கள், உரத்தைத் தடை செய்தார்கள், வரியைக் குறைத்தார்கள், உக்ரைனில் யுத்தம். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனால் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தால் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்காது. ஏறிய விலை ஏன் அந்த இடத்தில் நிற்காமல் மேலும் மேலும் ஏறியது? அப்படி ஏறிக்கொண்டிருந்தது பிறகு எப்படி நின்றது?

இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் காரண வளையப் படம். ஒரு விளைவு சுற்றிவந்து தன் காரணத்தையே மறுபடி தள்ளுகிறதா, அல்லது தன் காரணத்தையே அடக்குகிறதா என்பதை அது காட்டும். தள்ளினால் அது பெருக்கும் வளையம். அடக்கினால் சமன்செய்யும் வளையம். ஆங்கிலப் படங்களில் இவற்றை R, B என்று குறிப்பார்கள். நாம் பெ, ச என்று எழுதுவோம். ஒரு பெரிய தாள், பென்சில், அழிறப்பர் போதும். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு கோடு, பிறகுதான் வளையம்

பலர் நேரே வட்டங்களை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் தாளின் மூலையில் ஒரு சிறிய வரைபு போடுங்கள். கீழே காலம், பக்கவாட்டில் நீங்கள் விளக்க விரும்பும் ஒரே அளவு. நம்முடைய அளவு, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடியது என்பது. 2022 ஏப்ரலில் அது 29.8. செப்ரெம்பரில் 69.8, அதுதான் உச்சம். 2023 செப்ரெம்பரில் 1.3. இந்த மூன்று புள்ளிகளையும் ஒரு மலைபோல இணைத்தால் போதும்.

நீங்கள் வரையப்போகும் படம் இந்த மலையின் இரண்டு பக்கங்களையும் விளக்க வேண்டும். ஏற்றத்தை மட்டும் விளக்கும் படம் பாதிப் படம்தான்.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 1.3 என்றால் விலை பழைய இடத்துக்குத் திரும்பியது என்று பொருள் இல்லை. ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். வாளியில் இருக்கும் தண்ணீர் விலைவாசி. குழாயிலிருந்து விழும் தண்ணீர் விலை ஏறும் வேகம். குழாயை மூடினாலும் வாளி நிறைந்தே இருக்கும். பாண் விலை ஏன் இறங்கவில்லை என்று 2023இல் சனங்கள் கேட்டது வாளியைப் பற்றி. பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னது குழாயைப் பற்றி. இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்து, படத்தில் எது எங்கே வருகிறது என்பதில் கவனமாக இருங்கள். இதே வாளிக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் எண் 2023இல் அவ்வளவு வேகமாக விழுந்ததற்கு, ஒப்பிடப்பட்ட 2022 விலைகளே ஏற்கெனவே மிக உயரத்தில் இருந்ததும் ஒரு காரணம். அது எந்த வளையத்தின் வேலையும் அல்ல, கணக்கிடும் முறையால் வருவது. அதற்காக அம்பு போட வேண்டாம்.

பெயர் வைப்பதில்தான் பாதி வேலை

படத்தில் வரும் ஒவ்வொன்றும் கூடவும் குறையவும் கூடிய ஓர் அளவாக இருக்க வேண்டும். 'விலை உயர்வு' என்று எழுதாதீர்கள். 'விலை உயர்வு குறைந்தால்' என்று வாசிக்க வேண்டி வரும்போது தலை சுற்றும். 'விலைவாசி' என்று மட்டும் எழுதுங்கள், ஏறுவதையும் இறங்குவதையும் அம்புகள் பார்த்துக்கொள்ளும். 'டொலர் தட்டுப்பாடு' என்பதற்குப் பதிலாக 'வங்கிகளுக்கு வரும் டொலர்'. 'மத்திய வங்கியின் நடவடிக்கை' என்பதற்குப் பதிலாக 'வட்டி வீதம்'.

நாணய மாற்றில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனால், நாணய மாற்று வீதம் கூடியதா குறைந்ததா? 'ரூபாயின் மதிப்பு' என்று பெயர் வைத்தால் குறைந்தது, 'டொலரின் விலை' என்று வைத்தால் கூடியது. படத்தின் ஓர் இடத்தில் ஒரு பெயரையும் வேறோர் இடத்தில் மற்றதையும் நினைத்து அம்பு போட்டால் குறிகள் தலைகீழாகிவிடும், பெருக்கும் வளையம் சமன்செய்யும் வளையமாகத் தெரியும். ஆகவே இந்தப் படம் முழுக்க 'டொலரின் விலை' என்ற ஒரே பெயர்தான். அது கூடினால் ரூபாய் பலவீனமாகிறது.

அம்பும் குறியும்

இரண்டு பெயர்களுக்கு இடையே அம்பு போட்டு, அதன் தலைப்பக்கம் கூட்டல் அல்லது கழித்தல் குறி இட வேண்டும். கூட்டல் குறி என்றால் இரண்டும் ஒரே திசையில் நகரும், கழித்தல் என்றால் எதிர்த் திசையில். கூட்டல் நல்லது, கழித்தல் கெட்டது என்ற அர்த்தமே இதில் இல்லை.

குறியைச் சரிபார்க்க ஒரு வாக்கியம் உண்டு. ஒவ்வொரு அம்புக்கும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'மற்ற எல்லாம் அப்படியே இருக்க, முதலாவது கூடினால், அது கூடாவிட்டால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட இரண்டாவது அதிகமாக இருக்குமா, குறைவாக இருக்குமா?' 'கூடாவிட்டால் இருந்திருக்கக்கூடிய அளவு' என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் வட்டி கூடியது, விலைவாசியும் கூடியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூட்டல் குறி போடத் தோன்றும். வட்டி கூடாமல் இருந்திருந்தால் விலை இன்னும் எங்கே போயிருக்கும் என்பதுதான் கேள்வி.

ஓர் அம்புக்குக் கூட்டலா கழித்தலா என்று முடிவு செய்ய முடியவில்லை என்றால், அந்த அம்புக்குள் இரண்டு வழிகள் ஒளிந்திருக்கின்றன. உதாரணமாக, டொலரின் விலை ஏறினால் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் பணம் கூடுமா? ஒரு டொலருக்கு அதிக ரூபாய் கிடைக்கும் என்பதால் கூடலாம். 'இன்னும் ஏறும், பொறுத்து அனுப்புவோம்' என்று நினைப்பதால் குறையவும் செய்யலாம். இந்த இடத்தில் ஒரு குறியைத் தேர்ந்தெடுக்க முயலாமல் அம்பை அழித்துவிட்டு, நடுவே 'எதிர்பார்ப்பு' என்ற பெயரை வைத்து இரண்டு வழிகளாகப் பிரியுங்கள்.

முதல் பெருக்கும் வளையம்

தாளின் நடுவில் 'டொலரின் விலை' என்று எழுதுங்கள். எரிபொருள், சமையல் எரிவாயு, பால்மா, மருந்து, கோதுமை என்று அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் நாடு என்பதால் இலங்கையின் சுழலுக்கு நடு அச்சு அதுதான். வேறு நாட்டின் கதையை வரைந்தால் நடுவில் கூலியோ வீட்டு வாடகையோ வரலாம்.

டொலரின் விலை ஏறத் தொடங்கியதும் அதை வைத்திருப்பவர் என்ன செய்வார்? நாளை இன்னும் கிடைக்கும் என்று இன்று மாற்றாமல் வைத்திருப்பார். ஏற்றுமதியாளரும் அப்படித்தான், வெளிநாட்டில் உழைப்பவரும் அப்படித்தான். அதனால் வங்கிக்கு வரும் டொலர் குறையும், குறைந்ததால் விலை இன்னும் ஏறும்.

```
டொலரின் விலை                    --(+)--> இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு
இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு   --(+)--> பிடித்து வைக்கப்படும் டொலர்
பிடித்து வைக்கப்படும் டொலர்       --(-)--> வங்கிகளுக்கு வரும் டொலர்
வங்கிகளுக்கு வரும் டொலர்        --(-)--> டொலரின் விலை
```

வளையம் மூடியதும் கழித்தல் குறிகளை எண்ணுங்கள். இரண்டு. இரட்டைப்படை அல்லது பூச்சியம் என்றால் பெருக்கும் வளையம், ஒற்றைப்படை என்றால் சமன்செய்யும் வளையம். எண்ணிக்கையை மட்டும் நம்பி நிறுத்த வேண்டாம். வளையத்தை ஒருமுறை கதையாகவும் சொல்லிப் பாருங்கள்: டொலர் ஏறியது, ஆகவே ஏறும் என்று நினைத்தார்கள், ஆகவே பிடித்து வைத்தார்கள், ஆகவே வங்கிக்கு வரவில்லை, ஆகவே டொலர் இன்னும் ஏறியது. தொடங்கிய திசையிலேயே வந்து சேர்ந்தோம். கதையும் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் வளையத்தின் நடுவே 'பெ1' என்று எழுதி, அது சுற்றும் திசையில் ஒரு சிறிய வளைந்த அம்பு போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு குறி பிழை.

இதே வளையத்துக்கு இன்னும் நீளமான ஒரு சுற்று உண்டு. டொலரின் விலை ஏறினால் இறக்குமதிப் பொருளின் ரூபாய் விலை ஏறும், அதனால் விலைவாசி ஏறும். கடை விலையைப் பார்க்கும் சனங்களுக்கு ரூபாயின் மேல் நம்பிக்கை போகும். ஆகவே 'விலைவாசி'யிலிருந்து அம்பு மறுபடி 'எதிர்பார்ப்பு' என்ற அதே பெயருக்கு வருகிறது. மூன்று புதிய அம்புகளும் கூட்டல். கழித்தல் குறிகள் பழைய இரண்டே, ஆகவே இதுவும் பெருக்கும் வளையம், 'பெ2'. இந்த நாட்டில் விலைவாசிச் சுழல் என்று சொல்ல வேண்டியது இதைத்தான்.

அடக்கும் வளையம்

பெ1, பெ2 மட்டுமே இருந்தால் டொலரின் விலை வானத்துக்குப் போயிருக்க வேண்டும், அப்படிப் போகவில்லை. சாதாரண நாளில் அதைப் பிடித்து நிறுத்துவது எது? டொலர் விலை ஏறினால் இறக்குமதிப் பொருள் விலை கூடும், சனங்கள் குறைவாக வாங்குவார்கள், இறக்குமதி குறையும், டொலருக்கான தேவை குறையும், டொலரின் விலை தணியும்.

```
டொலரின் விலை                   --(+)--> இறக்குமதிப் பொருளின் ரூபாய் விலை
இறக்குமதிப் பொருளின் ரூபாய் விலை --(-)--> இறக்குமதி அளவு
இறக்குமதி அளவு                  --(+)--> டொலருக்கான தேவை
டொலருக்கான தேவை              --(+)--> டொலரின் விலை
```

ஒரே ஒரு கழித்தல். சமன்செய்யும் வளையம், 'ச1'. பெ2வும் ச1ம் 'இறக்குமதிப் பொருளின் ரூபாய் விலை' என்ற ஒரே பெயரிலிருந்து பிரிகின்றன என்பதைக் கவனியுங்கள். ஒரே விலையேற்றம் ஒருபக்கம் பயத்தை வளர்க்கிறது, மறுபக்கம் வாங்குவதைக் குறைக்கிறது. எது முந்துகிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்பது.

கட்டிப்போட்ட விலை: படம் கிழியும் இடம்

படத்தின் முக்கியமான பகுதி இதுதான். 2022 மார்ச் 7 வரை பல மாதங்களாக அதிகாரபூர்வ டொலர் விலை 200 ரூபாயை ஒட்டியே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. விலையைக் கட்டிப்போட்டால் சாமான் விலை ஏறாது என்பதுதான் நோக்கம். உங்கள் படத்தில் இதை எப்படிக் காட்டுவது?

'டொலரின் விலை' என்ற ஒரே பெயரை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று 'அதிகாரபூர்வ டொலர் விலை'. இதற்குள் இனி எந்த அம்பும் வராது, மேசையில் முடிவு செய்யப்படும் எண் அது. மற்றது 'வெளிச்சந்தை டொலர் விலை'. வங்கிகளுக்கு வரும் டொலர் குறையக் குறைய வெளிச்சந்தை விலைதான் ஏறும். இரண்டுக்கும் நடுவே 'இடைவெளி' என்று ஒரு பெயர் எழுதுங்கள். வெளிச்சந்தை விலையிலிருந்து அதற்குக் கூட்டல் அம்பு, அதிகாரபூர்வ விலையிலிருந்து கழித்தல் அம்பு.

இப்போது ச1ஐப் பாருங்கள். வங்கி விலையில் கொண்டுவரப்படும் எரிபொருளுக்கு டொலர் இன்னமும் 200 ரூபாய்தான். ஆகவே அதன் ரூபாய் விலை போதிய அளவு ஏறாது, வாங்குவதும் அந்த அளவுக்குக் குறையாது. டொலர் தீர்ந்துகொண்டே போகிறது என்ற செய்தி பாவிப்பவரிடம் விலை வடிவில் போய்ச் சேர்வதில்லை, கியூ வடிவில்தான் போய்ச் சேருகிறது. அடக்கும் வளையத்தின் முதல் அம்பு அறுந்துபோயிற்று. அந்த அம்பின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'மார்ச் 2022 வரை' என்று எழுதுங்கள்.

அது மட்டுமல்ல, புதிதாக ஒரு பெருக்கும் வளையமும் பிறந்தது. எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்தோம். தோஹாவில் வேலை செய்யும் மைத்துனர் ஒவ்வொரு மாதமும் அனுப்புவதற்கு முன் இரண்டு விலையையும் கேட்பார். வங்கியில் இவ்வளவு, வங்கிக்கு வெளியே ஆட்கள் வழியாகப் பணம் மாற்றும் உண்டியலில் இவ்வளவு. வித்தியாசம் சிறிதாக இருந்தவரை வங்கி. வித்தியாசம் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவுக்குக் காணும் என்று ஆனபோது உண்டியல். அவரைக் குறை சொல்ல முடியாது.

```
வங்கிகளுக்கு வரும் டொலர்  --(-)--> வெளிச்சந்தை டொலர் விலை
வெளிச்சந்தை டொலர் விலை --(+)--> இடைவெளி
இடைவெளி                --(+)--> உண்டியலில் அனுப்பும் பணம்
உண்டியலில் அனுப்பும் பணம் --(-)--> வங்கிகளுக்கு வரும் டொலர்
```

கழித்தல் இரண்டு. பெருக்கும் வளையம், 'பெ3'. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலர், 2021இல் 550 கோடி, 2022இல் 380 கோடிக்குக் கிட்ட. பெ3 கற்பனை வளையம் அல்ல என்பதற்கு இந்த எண்கள் சாட்சி. விலையை அடக்கப் போட்ட கட்டுப்பாடு, அடக்கும் வளையத்தை அறுத்து, பெருக்கும் வளையம் ஒன்றைப் பெற்றுவிட்டது. காரணங்களை வரிசையாக எழுதிய பட்டியலில் இந்த உண்மை ஒருபோதும் தெரியாது. எனக்கும் படத்தை வரைந்த பிறகுதான் தெரிந்தது.

தாமதக் குறி

ஓர் அம்பின் விளைவு வரப் பல வாரங்களோ மாதங்களோ ஆகும் என்றால், அம்பின் நடுவே இரண்டு சிறு கோடுகளைக் குறுக்காகப் போடுவது வழக்கம். நான் அதோடு காலத்தையும் எழுதுவேன். பெ1இன் எதிர்பார்ப்பு அம்புக்கு 'நாட்கள்'. டொலரிலிருந்து இறக்குமதி விலைக்கு 'வாரங்கள்', ஏனென்றால் பழைய விலையில் வந்த கப்பல் சரக்கு தீர வேண்டும். இறக்குமதி விலையிலிருந்து இறக்குமதி அளவுக்கு 'மாதங்கள்', ஏனென்றால் பாவனைப் பழக்கம் ஒரே நாளில் மாறாது.

இந்தக் காலங்களை எழுதியதும் 2022 மார்ச்சுக்குப் பிறகு நடந்தது விளங்கும். கட்டு அவிழ்க்கப்பட்டதும் ச1இன் அறுந்த அம்பு மறுபடி ஒட்டிக்கொண்டது. அப்படியானால் டொலர் விலை தணிந்திருக்க வேண்டாமா? தணியவில்லை, மே மாதத்துக்குள் 360 ரூபாய்க்குப் போனது. காரணம் வேகம். பெ1 நாட்களில் சுற்றுகிறது, ச1 மாதங்களில் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே நாளில் ஓடவிட்டால் முதலில் ஓடி வருவது பயம்தான். பெ3க்கும் தாமதம் உண்டு. இடைவெளி சுருங்கிய பிறகும் உண்டியலுக்குப் பழகியவர்கள் உடனே திரும்பவில்லை. வங்கி வழிப் பணம் 2023இல்தான் 600 கோடி டொலரை நெருங்கியது.

வட்டி, வாங்கும் சக்தி, கூலி

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. இதை வரையும்போது 'வட்டி வீதம்' என்பதிலிருந்து 'விலைவாசி'க்கு நேரே ஒரு கழித்தல் அம்பு போடுவது சோம்பல். நடுவில் என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள். விலை ஏறும் வேகம் கூடினால் வட்டி வீதம் கூடும் (கூட்டல்). வட்டி கூடினால் புதிதாக வாங்கும் கடன் குறையும் (கழித்தல்). கடன் கூடினால் செலவழிக்கும் பணம் கூடும் (கூட்டல்). செலவழிக்கும் பணம் கூடினால் விலை ஏறும் வேகம் கூடும் (கூட்டல், தாமதத்துடன்). ஒரு கழித்தல், 'ச2'. இங்கே 'விலைவாசி' அல்ல, 'விலை ஏறும் வேகம்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். மத்திய வங்கி வாளியைப் பார்ப்பதில்லை, குழாயைத்தான் பார்க்கிறது.

இந்த இடத்தில் இன்னோர் அம்பையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். வட்டி கூடினால் கடனில் சரக்கு எடுக்கும் வியாபாரிக்குச் செலவும் கூடும், அதை அவர் விலையில் போடுவார். அந்த வழியில் வட்டி விலையை ஏற்றுகிறது. வட்டியை ஏற்றியதால்தான் விலை ஏறியது என்று அன்று வாதிட்டவர்கள் இந்த அம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்பு உண்மைதான். ஆனால் கடன் குறைவதால் வரும் விளைவு அதைவிடப் பெரிது, வருவதற்கு மட்டும் நாள் எடுக்கும். ஏப்ரலில் ஏற்றிய வட்டிக்குப் பிறகும் செப்ரெம்பர் வரை மலை ஏறிக்கொண்டே இருந்தது.

அடுத்தது 'ச3'. விலைவாசி ஏறினால் வாங்கும் சக்தி குறையும், வாங்கும் சக்தி குறைந்தால் விற்பனை குறையும், விற்பனை குறைந்தால் விலையை ஏற்ற முடியாது. படத்தில் இது மூன்றே அம்பு. நிஜத்தில் அது மூன்று வேளைச் சாப்பாடு இரண்டாகியதைக் குறிக்கிறது. சமன்செய்யும் வளையம் என்ற பெயரைக் கேட்டு அது நல்லது செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம்.

கூலி வளையத்தையும் வரையுங்கள்: விலைவாசி, கூலி, உற்பத்திச் செலவு, மறுபடி விலைவாசி, எல்லாம் கூட்டல், 'பெ4'. பாடப் புத்தகத்தில் விலைச் சுழல் என்றால் முதலில் வருவது இதுதான். ஆனால் இலங்கையில் 2022இல் கூலி விலையை எட்டிப் பிடிக்கவே இல்லை. ஆகவே இதை மெல்லிய கோடாகப் போட்டு, கூலி அம்பில் நீண்ட தாமதம் காட்டுங்கள்.

அச்சடித்த பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2019 கடைசியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது, அரசின் வருமானம் விழுந்தது, பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கியது. (இந்த உண்டியல் அரசின் கடன் பத்திரம். மேலே பார்த்த உண்டியல் வேறு. படத்தில் இரண்டும் ஒரே பெயரில் வந்துவிடாமல் பாருங்கள்.) அந்தப் பணம் 'செலவழிக்கும் பண'த்துக்குக் கூட்டல் அம்பாக வருகிறது. ஆனால் இது வளையமா? விலைவாசி ஏறினால் அரசின் செலவு கூடும், வரி வருமானமும் ரூபாய்க் கணக்கில் கூடும். ஆகவே விலைவாசியிலிருந்து பற்றாக்குறைக்கு என்ன குறி என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த அம்பை விட்டுவிட்டுப் போகும் கோடாகப் போட்டு ஒரு கேள்விக்குறி வையுங்கள். இல்லாத நிச்சயத்தை வலுக்கட்டாயமாகக் குறியாக எழுதினால் படம் பொய் சொல்லும்.

உலக எண்ணெய் விலை, 2021இன் இரசாயன உரத் தடை, வரிக் குறைப்பு, இவை எந்த வளையத்துக்குள்ளும் இல்லை. உள்ளூர் விலைவாசி ஏறியதால் உக்ரைனில் யுத்தம் வரவில்லை. இவற்றைத் தாளின் விளிம்பில் எழுதி உள்நோக்கி அம்பு மட்டும் போடுங்கள். சுழலைத் தொடக்கியவை இவை. சுழற்றிக்கொண்டே இருந்தவை வளையங்கள்.

படத்தைச் சோதிப்பது

இனி மூலையில் வரைந்த மலைக்குத் திரும்புங்கள். ஒவ்வோர் அம்பையும் விரலால் மறைத்து, மலை இன்னமும் அப்படியே இருக்குமா என்று கேளுங்கள். கூலி அம்பை மறைத்தால் பெரிய மாற்றம் இல்லை. எதிர்பார்ப்பு அம்பை மறைத்தால் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் நடந்ததை விளக்க முடியாது. அப்படியானால் அது தடித்த கோடு.

இறக்கப் பக்கத்தையும் அதேபோலப் பாருங்கள். ச2, ச3 மட்டும் போதுமா? போதாது. டொலர் தேவையை நேரடியாகக் குறைத்த மூன்று வெளி அம்புகளும் வேண்டும். ஏப்ரல் 12ஆம் திகதி அறிவிக்கப்பட்ட வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்தல் நிறுத்தம், இறக்குமதித் தடைகள், எரிபொருளுக்கு வந்த கியூஆர் முறை. கியூஆர் அம்பு எனக்குப் பிடித்த அம்பு. விலை வழியாக மெதுவாக நடக்க வேண்டிய 'இறக்குமதி அளவு' குறைப்பை அது நேரே செய்தது; ச1இன் தாமதத்தைக் குறுக்கே வெட்டிக் கடந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் ஏற்பாடு ஒப்புதல் பெற்றதை எங்கே போடுவது? தவணையாக வரும் பணத்தைவிட அது 'எதிர்பார்ப்பு'க்கு அனுப்பிய கழித்தல் அம்புதான் பெரிது என்பது என் கணிப்பு. நீங்கள் வேறு இடத்தில் போடலாம், காரணத்தை அம்பின் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் இந்தப் படத்திடம் கேட்காதீர்கள்: எவ்வளவு? டொலர் 360க்குப் போகும், 500க்குப் போகாது என்பதை எந்தக் குறியும் சொல்லாது. அதற்கு இருப்பு எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு என்று எண்களோடு கணக்கிடும் வேறு வகைப் படம் வேண்டும்.

சுத்தமாக மறுபடி வரைதல்

முதல் தாள் அழுக்காகத்தான் இருக்கும். இரண்டாவது தாளில் 'டொலரின் விலை'யை நடுவில் வைத்து, அம்புகளை நேர்கோடாக அல்லாமல் வளைவாகப் போடுங்கள், அப்போதுதான் வளையம் கண்ணுக்குத் தெரியும். ஒன்றையொன்று வெட்டும் அம்புகள் குறைவாக இருக்கும்படி பெயர்களை இடம் மாற்றுங்கள். இருபது பெயருக்கு மேல் போனால் இரண்டு படங்களாகப் பிரியுங்கள்: மார்ச் 7க்கு முன் ஒன்று, பின் ஒன்று. கணினியில் வேண்டுமென்றால் கிராஃப்விஸ் போன்ற கருவிக்கு இப்படி எழுதிக் கொடுக்கலாம்:

```
digraph {
  "டொலரின் விலை" -> "எதிர்பார்ப்பு" [label="+"];
  "எதிர்பார்ப்பு" -> "பிடித்த டொலர்" [label="+"];
  "பிடித்த டொலர்" -> "வங்கிக்கு வரும் டொலர்" [label="-"];
  "வங்கிக்கு வரும் டொலர்" -> "டொலரின் விலை" [label="-"];
}
```

தாமதம் உள்ள அம்புக்கு `label="+ ||"` என்று எழுதினால் போதும். பெ1, ச1 என்ற பெயர்களை இந்தக் கருவி தானாகப் போடாது, அச்செடுத்த பிறகு கையால் எழுதுங்கள். கடைசியாக, படத்தை ஒரு கடைக்காரரிடமோ வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினரிடமோ காட்டி, அவர் வரும் அம்பை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். என் மைத்துனர் 'இடைவெளி'யிலிருந்து போகும் அம்பைப் பார்த்துவிட்டு, விலை மட்டும் காரணம் இல்லை, வங்கியில் போட்டால் வீட்டில் கையில் கிடைக்க நாள் ஆகும், உண்டியலில் அன்றைக்கே வந்துவிடும் என்றார். இப்போது அந்த அம்புக்குப் பக்கத்தில், 'பணம் கைக்கு வரும் நேரம்' என்று இன்னொரு பெயர் என் தாளில் இருக்கிறது.